பிஐடி கட்டுப்பாடு: ஒரு வெந்நீர்த் தொட்டியில் பி, ஐ, டி மூன்றும் தனித்தனியே என்ன செய்கின்றன

வெப்பநிலை போன்ற ஓர் அளவை வேண்டிய இடத்தில் பிடித்து வைக்கும் பிஐடி கன்ட்ரோலரைக் கையாளும் பலருக்கும் சூத்திரம் தெரியும். ஆனால் திரையில் வெப்பநிலைக் கோடு ஆடத் தொடங்கியதும், மூன்று எண்களில் எதைத் தொடுவது என்று கை தயங்கும். காரணம் எளிது: நாம் பார்ப்பது மூன்றும் சேர்ந்த மொத்த அவுட்புட்டை மட்டும்தான். அந்த அவுட்புட்டில் பி எவ்வளவு, ஐ எவ்வளவு, டி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பழக்கத்துக்காகத்தான். ஒரே ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு, அதன் எண்களை விடாமல் பின்தொடர்வோம்.

## முதலில் தொட்டியைத் தெரிந்துகொள்வோம்

10 லிட்டர் தண்ணீர், 2 கிலோவாட் ஹீட்டர், தண்ணீருக்குள் ஒரு சென்சார். அறை வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். தண்ணீரை 70 டிகிரியில் நிறுத்த வேண்டும். இதுதான் செட் பாயின்ட். கன்ட்ரோலரின் அவுட்புட் 0 முதல் 100 சதவீதம். 20 சதவீதம் என்றால் ஹீட்டருக்குச் சராசரியாக 400 வாட் போகிறது என்று பொருள்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். 10 கிலோவுக்கு 42 கிலோஜூல். தொட்டி வெளியே இழக்கும் வெப்பத்தை, அறையை விட எத்தனை டிகிரி சூடோ அத்தனைக்கும் டிகிரிக்கு 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். 70 டிகிரியில் வேறுபாடு 40 டிகிரி, இழப்பு 400 வாட். ஆகவே தண்ணீரை 70-இல் பிடித்து வைக்க அவுட்புட் 20 சதவீதம் தேவை. இந்த 20 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். இனி வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

இன்னொன்று, தாமதம். ஹீட்டரில் ஏற்றிய சூடு தண்ணீரில் பரவி, சென்சாரின் உறையைத் தாண்டி உள்ளே போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடம் கன்ட்ரோலருக்கு எதுவும் தெரியாது. சரியாக எடுத்த முடிவின் பலனைக்கூட அது பார்க்க முடியாது.

## படி 1: பி மட்டும்

பி செய்வது ஒரே ஒரு பெருக்கல். செட் பாயின்டிலிருந்து இப்போதைய வெப்பநிலையைக் கழித்தால் பிழை. அதை Kp-ஆல் பெருக்கினால் அவுட்புட். Kp 10 என்று வைத்தால், ஒரு டிகிரி பிழைக்கு 10 சதவீதம். பிழை 10 டிகிரியும் அதற்கு மேலும் இருக்கும்வரை ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும். 60 டிகிரியைத் தாண்டியதும் அவுட்புட் குறையத் தொடங்கும்.

இப்போது ஒரு கேள்வி. தண்ணீர் 70 டிகிரியை எட்டினால் பிழை பூஜ்யம், அவுட்புட்டும் பூஜ்யம். ஆனால் 70-இல் நிற்க 20 சதவீதம் வேண்டுமே? அதனால்தான் பி மட்டும் இருந்தால் தண்ணீர் 70-ஐ எட்டவே எட்டாது. ஹீட்டர் கொடுப்பதும் தொட்டி இழப்பதும் சமமாகும் இடத்தில், 70-க்குக் கீழே, நின்றுவிடும். இந்த மீதிப் பிழைக்கு ஆஃப்செட் என்று பெயர்.

நம் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

```
Kp × (70 − T) = 0.5 × (T − 30)
ஆஃப்செட் = 20 / (Kp + 0.5)
```

இடப்பக்கம் கன்ட்ரோலர் தருவது, வலப்பக்கம் தொட்டி இழப்பது, இரண்டும் சதவீதத்தில். Kp 5 என்றால் 3.6 டிகிரி குறைவாக, 66.4-இல் நிற்கும். Kp 10 என்றால் 68.1. Kp 20 என்றால் 69.0. இரட்டிப்பாக்க இரட்டிப்பாக்க ஆஃப்செட் பாதி பாதியாகக் குறைகிறதே தவிர, பூஜ்யமாவதில்லை.

அப்படியானால் Kp-ஐ 100-க்குக் கொண்டுபோனால் என்ன? அந்த ஒரு நிமிடத் தாமதம் விடாது. Kp பெரிதாக இருக்கும்போது, கன்ட்ரோலர் ஒரு நிமிடம் பழைய செய்தியை வைத்துக்கொண்டு பலமாகச் சூடேற்றும். தண்ணீர் தாண்டிவிட்டது என்று தெரிய வரும்போது மேலும் ஒரு நிமிடச் சூடு ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். இந்தத் தொட்டியில் Kp 55-ஐ நெருங்கும்போது ஆட்டம் அடங்காமல் தொடரும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம், அதாவது தாமதத்தின் நான்கு மடங்கு. திரையில் ஆட்டத்தின் காலத்தை அளந்து, அது தாமதத்தின் நான்கு மடங்குக்கு அருகில் இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் Kp தான்.

ஐ வருவதற்கு முன் ஆஃப்செட்டை ஆபரேட்டர்கள் கையால் தீர்த்தார்கள். அவுட்புட்டோடு 20 சதவீதத்தை நிலையாகக் கூட்டிவிடுவது. அதற்குப் பெயர் பயஸ். பிழை பூஜ்யமானாலும் 20 கிடைக்கும், தண்ணீர் சரியாக 70-இல் நிற்கும். ஆனால் யாராவது மூடியைத் திறந்தால்? இழப்பு இரட்டிப்பானது என்று வைத்துக்கொள்வோம்; இப்போது 70-இல் நிற்க 40 வேண்டும். பயஸ் இன்னும் 20-தான். Kp 10-உடன் தண்ணீர் 68.2-க்கு இறங்கி அங்கேயே நிற்கும். யாராவது வந்து பயஸைத் திருக வேண்டும். அந்தக் கையைத்தான் ஐ மாற்றீடு செய்கிறது.

## படி 2: ஐ, அந்தக் கையின் வேலை

ஐ ஒவ்வொரு கணமும் பிழையைக் கூட்டிக்கொண்டே போகிறது. பிழை நேர்மறையாக இருக்கும்வரை ஏறும், எதிர்மறையானால் இறங்கும், பூஜ்யமானால் இருந்த இடத்தில் நிற்கும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பிழை பூஜ்யமானதும் பி மறைந்துவிடுகிறது. ஐ மறைவதில்லை, அதுவரை சேர்த்ததைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் தொட்டி அமைதியாக 70-இல் இருக்கும்போது பி = 0, ஐ = 20, டி = 0. முழுச் சுமையையும் தாங்குவது ஐ மட்டுமே.

எவ்வளவு வேகமாகச் சேர்க்க வேண்டும் என்பதை Ti சொல்கிறது. பிழை மாறாமல் இருந்தால், பி கொடுத்த அளவையே ஐ இன்னொரு முறை சேர்க்க எடுக்கும் நேரம்தான் Ti. Kp 10, Ti 480 வினாடி, பிழை 1 டிகிரி என்றால் பி உடனே 10 தரும்; ஐ அடுத்த 480 வினாடியில் இன்னொரு 10 சேர்க்கும். Ti கூடினால் ஐ பலவீனமாகும், குறைந்தால் பலமாகும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு திருகுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இப்போது மூடியைத் திறந்து, உறுப்பு உறுப்பாகப் பார்ப்போம். தேவை 20-இலிருந்து 40-க்குத் தாவுகிறது. முதலில் தண்ணீர் இறங்கத் தொடங்கும், பிழை வளர வளர பி உடனடியாகக் கை கொடுக்கும். ஐந்தாறு நிமிடத்தில் வெப்பநிலை 68.7-க்கு அருகில் அடிமட்டத்தைத் தொடும். அந்த நேரத்தில் பி 13, ஐ 26. இரண்டும் சேர்ந்து 39, அந்த வெப்பநிலையில் தொட்டி கேட்பதும் ஏறத்தாழ அதுவே. அதற்குப் பின் ஐ மெல்ல ஏற, தண்ணீர் மேலே வர, பி கரைகிறது. முடிவில் பி 0, ஐ 40. முதல் அடியைத் தாங்கியது பி, பொறுப்பை நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது ஐ. மூடியை மறுபடி மூடினால் ஐயிடம் 40 இருக்கும், தேவையோ 20. அதனால் இதே அளவு மேல்நோக்கி ஏறிவிட்டுத்தான் இறங்கும். ஐ தன் பழைய நினைவை மறக்க எடுக்கும் நேரம் அது.

இதற்கு விலை உண்டு. Ti-ஐ 480-இலிருந்து 100-க்குக் குறைத்துப் பாருங்கள். ஆட்டம் வரும், ஆனால் இது முன்பு பார்த்த நான்கு நிமிட ஆட்டம் இல்லை. ஒரு சுற்றுக்குப் பதினான்கு நிமிடம் போல, சோம்பலாக மேலும் கீழும் போகும், மிக மெதுவாகத்தான் அடங்கும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஆட்டத்தைக் கண்டதும் Kp-ஐப் பாதியாக்குவார்கள். இந்தத் தொட்டியில் அப்படிச் செய்தால் ஆட்டம் அடங்காது; பதினான்கு நிமிடச் சுற்று இருபது நிமிடமாக நீளும், அவ்வளவுதான். தாமதத்தின் நான்கு மடங்கை விட மிக நீண்ட ஆட்டம் என்றால் தொட வேண்டியது Ti. அதைக் கூட்ட வேண்டும்.

## படி 3: ஐ வீங்கிப் போவது

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் நேரடிச் சேதம் செய்வது பெரும்பாலும் இதுதான்.

குளிர்ந்த தொட்டியை 30 டிகிரியில் தொடங்குகிறோம். Kp 10, Ti 480, செட் பாயின்ட் 70. அவுட்புட் உடனே 100-ஐ எட்டும், அதற்கு மேல் ஹீட்டரிடம் எதுவும் இல்லை. 70-ஐ எட்டக் கிட்டத்தட்ட 16 நிமிடம் ஆகும். இந்த 16 நிமிடமும் பிழை நேர்மறை. எனவே ஐ விடாமல் சேர்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு எளிதாக இருக்க, ஒரு நிமிடத் தாமதத்தை இங்கே விட்டுவிடுவோம். தண்ணீர் 70-ஐத் தொடும்போது சேர்ந்த பிழை ஏறத்தாழ 18,000 டிகிரி-வினாடி. அதை Kp/Ti-ஆல் பெருக்கினால் ஐ 376 சதவீதம். தேவை 20 மட்டும்.

பிழை எதிர்மறையானால்தான் ஐ இறங்கும், அதாவது தண்ணீர் 70-ஐத் தாண்டியே ஆக வேண்டும். தாண்டுகிறது. பி எதிர்மறையாகிறது, ஐ இறங்குகிறது; ஆனாலும் கூட்டுத்தொகை 100-க்கு மேலேயே இருப்பதால் ஹீட்டர் இன்னும் எட்டு நிமிடம் முழு வேகத்தில் ஓடும். தண்ணீர் 88 டிகிரிக்கு அருகில் வந்த பிறகுதான் அவுட்புட் முதன்முறையாக 100-க்குக் கீழே வரும். பார்ப்பவருக்கு கன்ட்ரோலர் பழுதாகிவிட்டது போலத் தோன்றும். பழுது எதுவும் இல்லை. சொன்ன கணக்கைத்தான் அது செய்கிறது.

தீர்வு எளிது: அவுட்புட் எல்லையில் முட்டி நிற்கும்போது, மேலும் முட்டும் திசையில் ஐயைச் சேர்க்காதே. அப்படிச் செய்தால் 60 டிகிரி வரை ஐ பூஜ்யமாகவே இருக்கும். அங்கிருந்து தொடங்கிச் சேர்த்தால், தண்ணீர் 70-ஐ ஒன்றிரண்டு டிகிரி தாண்டிவிட்டு அமர்ந்துவிடும். இரண்டு டிகிரியும் பதினெட்டு டிகிரியும் ஒரே எண்களில், ஒரே ஒரு நிபந்தனையின் வித்தியாசத்தில்.

வீக்கம் ஹீட்டர் முட்டும்போது மட்டும் வருவதில்லை. ஹீட்டரின் ஃபியூஸ் போயிருக்கலாம், யாரோ சுவிட்சை அணைத்திருக்கலாம், கன்ட்ரோலர் ஆட்டோவில் இருக்கும். சூடேறாத தண்ணீரைப் பார்த்து ஐ ஏறிக்கொண்டே போகும். பிறகு சுவிட்சைப் போட்டால், சேர்ந்ததெல்லாம் ஒரே அடியாக வெளியே வரும். அதனால், ஹீட்டர் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் கன்ட்ரோலரும் மேனுவலுக்குப் போகும்படி அமைத்துவிடுவது நல்லது.

## படி 4: டி, வேகத்தைப் பார்ப்பது

கப்பலின் சுக்கானைத் தானாகத் திருப்பும் கருவியை ஆராய்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922-இல் மூன்று உறுப்புகளையும் சேர்த்த கோட்பாட்டை வெளியிட்டார். தேர்ந்த மாலுமி கப்பல் திசை விலகிய அளவை மட்டும் பார்த்துச் சுக்கானைத் திருப்புவதில்லை. எந்த வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கிறான். டி என்பது அந்த இரண்டாவது பார்வை.

டி எவ்வளவு பலமாக வேலை செய்ய வேண்டும் என்பதை Td சொல்கிறது. நம் தொட்டியில் Td 20 வினாடி என்று வைப்போம். தண்ணீர் வினாடிக்கு 0.04 டிகிரி ஏறிக்கொண்டிருந்தால் டி = −10 × 20 × 0.04 = −8 சதவீதம். பிழை இன்னும் பாக்கி இருக்கும்போதே டி பிரேக் போடுகிறது. இதை வேறு விதமாகவும் பார்க்கலாம்: இப்போதைய வேகம் தொடர்ந்தால் 20 வினாடிக்குப் பின் பிழை எவ்வளவு இருக்குமோ, அதைப் பார்த்து பி வேலை செய்கிறது. அதனால் அதே Kp-யில் ஆட்டம் குறையும், அல்லது ஆட்டம் கூடாமல் Kp-ஐக் கொஞ்சம் கூட்டலாம். தண்ணீர் அசையாமல் நின்றால் டி பூஜ்யம். எனவே டி ஆஃப்செட்டை ஒருபோதும் சரிசெய்யாது.

டியின் பலவீனம் ஒன்றே: அது சென்சாரின் ஒவ்வொரு நடுக்கத்தையும் நம்பிவிடும். சென்சார் 0.1 டிகிரி படிகளில் காட்டுகிறது, கன்ட்ரோலர் வினாடிக்கு ஒருமுறை படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 69.9-இலிருந்து 70.0-க்கு ஒரு படி மாறினால் டிக்கு அது வினாடிக்கு 0.1 டிகிரி வேகம். அவுட்புட்டில் 10 × 20 × 0.1 = 20 சதவீதம் திடீரென விழும், அடுத்த வினாடி திரும்ப வரும். தண்ணீர் உண்மையில் அசையவே இல்லை. அவுட்புட் கோடு சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் இதுதான் காரணம். ஹீட்டருக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் அவுட்புட் ஒரு வால்வை அசைப்பதாக இருந்தால் அதன் உதிரிகள் விரைவில் தேய்ந்துபோகும். வேகத்துக்கு ஒரு ஃபில்டர் போட வேண்டும். Td-இன் பத்தில் ஒரு பங்கு, இங்கே 2 வினாடி, நல்ல தொடக்கம். 20 சதவீதத் தாவல் 7 ஆகிவிடும்.

இன்னொரு பொறி: வேகத்தைப் பிழையிலிருந்து கணக்கிடக் கூடாது, அளந்த வெப்பநிலையிலிருந்து கணக்கிட வேண்டும். பிழையிலிருந்து கணக்கிட்டால், யாராவது செட் பாயின்டை 70-இலிருந்து 75-க்கு மாற்றும் அந்த ஒரு வினாடியில் டி 1000 சதவீதம் எகிறும்.

தாமதம் நீண்டதாகவும் அதை ஒப்பிடத் தொட்டி வேகமாகவும் இருந்தால் டி அதிகம் உதவாது. தாமதம் முடியும்வரை பார்க்க வேகமே இல்லையே.

## படி 5: எண்களை எங்கிருந்து எடுப்பது

கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு, அவுட்புட் 20-இல் தண்ணீர் 70-க்கு அருகில் அமைதியாகும்வரை பொறுத்திருங்கள். பிறகு அவுட்புட்டை 30-க்கு மாற்றி, கோட்டைப் பாருங்கள். நம் தொட்டியில் ஒரு நிமிடம் எதுவும் நடக்காது; அது தாமதம் L. பிறகு நிமிடத்துக்கு 0.286 டிகிரி ஏறும். மாற்றியது 10 சதவீதம், ஆகவே ஒரு சதவீதத்துக்கு நிமிடத்துக்கு 0.0286 டிகிரி, இது சரிவு R.

```
Kp = 1 / (2 × R × L) = 1 / (2 × 0.0286 × 1) ≈ 17.5
Ti = 8 × L = 8 நிமிடம் = 480 வினாடி
```

மெதுவாக ஏறும் தொட்டிகளுக்கு இந்த விதி பாதுகாப்பானது. சீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் கொடுத்த விதி பியும் ஐயும் மட்டும் உள்ள கன்ட்ரோலருக்கு இதே தொட்டியில் Kp 31, Ti 200 வினாடி என்று தரும். அது இடையூறுகளை வேகமாகச் சமாளிக்கும், ஆனால் ஆட்டம் அதிகம். நான் 17.5-ஐயும் அப்படியே போடாமல் 10-இல் தொடங்குவேன். காரணம், இந்தத் தொட்டிக்குச் சூடேற்ற மட்டுமே வழி, குளிரவைக்க வழி இல்லை. முழு ஹீட்டரில் நிமிடத்துக்கு 2.3 டிகிரி ஏறும். ஹீட்டரை அணைத்தால் 0.57 டிகிரிதான் இறங்கும். இரண்டு டிகிரி தாண்டினால், அதைத் திரும்பப் பெற மூன்றரை நிமிடம் சும்மா காத்திருக்க வேண்டும்.

பெட்டியில் எண்ணைப் போடும் முன் அது எந்த அலகைக் கேட்கிறது என்று பாருங்கள். சில கன்ட்ரோலர்கள் Kp-க்குப் பதிலாக விகிதப் பட்டை கேட்கும்: அவுட்புட் 100-இலிருந்து 0 ஆவதற்கு எத்தனை டிகிரி என்பது. Kp 10 என்றால் பட்டை 10 டிகிரி, Kp 20 என்றால் 5 டிகிரி. எண் சிறியதானால் கன்ட்ரோலர் முரட்டுத்தனமாகும். Ti-ஐச் சிலது வினாடியில் கேட்கும், சிலது நிமிடத்தில். 8 என்று போட்டு, அது வினாடி என்று எடுத்துக்கொண்டால் ஐ அறுபது மடங்கு பலமாகிவிடும். நிரலாக எழுதும்போது Kp, Ki, Kd என்று தனித்தனியாக வைத்தால் Ki = Kp/Ti, Kd = Kp × Td; இங்கே 0.0208 மற்றும் 200. அந்த வடிவத்தில் Kp-ஐ மட்டும் மாற்றினால் Ti-யும் Td-யும் நமக்குத் தெரியாமலே மாறிவிடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் அடங்கிய கணக்கு இவ்வளவுதான். இது h வினாடிக்கு ஒருமுறை ஓட வேண்டும். sp செட் பாயின்ட், pv அளந்த வெப்பநிலை, Tf ஃபில்டரின் நேரம். தொடங்கும்போது I-யும் vf-உம் 0, pv_old அப்போதைய pv.

```
e = sp - pv
v = (pv - pv_old) / h
vf = vf + (v - vf) * h / (Tf + h)
P = Kp * e
D = -Kp * Td * vf
u = P + I + D
if (u < 100 or e < 0) and (u > 0 or e > 0):
    I = I + Kp * h / Ti * e
out = min(100, max(0, u))
pv_old = pv
```

P, I, D மூன்றையும் out-உடன் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். முதல் முறை ஓட்டும்போது Td = 0 என்று வைத்து, பியையும் ஐயையும் மட்டும் கொண்டு 70-இல் அமரவிடுங்கள். பிறகு மூடியைத் திறந்து ஐ 20-இலிருந்து எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அமைதியான நிலையில் ஐ 20-க்குப் பதிலாக 35 காட்டினால், தொட்டி எங்கோ கூடுதலாக வெப்பம் இழக்கிறது, அல்லது ஹீட்டர் சொன்ன அளவு சூடு தருவதில்லை. வெப்பநிலைக் கோடு 70-இல் நேராகத்தான் இருக்கும், அது எதையும் காட்டிக்கொடுக்காது. ஐயைப் பார்த்தால்தான் தெரியும்.